எட்டு ஃப்ரேமிலும் அதே டீக்கடை அண்ணன்

கேள்வி: "கோடோ என்ற விளையாட்டு எஞ்சினில் என் முதல் விளையாட்டைச் செய்கிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்பிக் கூடையில் டீ எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போகும் ஓர் அண்ணன்தான் ஹீரோ. எனக்கு வரைய வராது. ஏஐ-யிடம் நடக்கிற மாதிரி, எல்லா ஃப்ரேமும் ஒரே படத்தில் அடுக்கிய ஸ்பிரைட் ஷீட் கேட்டால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் முகம் மாறுது, கைலி மாறுது, சைஸ் மாறுது. ஓட்டிப் பார்த்தால் ஆள் நடுங்குகிறார். என்ன பிராம்ப்ட் போட்டால் சரியாக வரும்?"

எந்த பிராம்ப்ட் போட்டாலும் முழுசாகச் சரியாக வராது. குறை உங்கள் வார்த்தையில் இல்லை, கேட்கும் பொருளில் இருக்கிறது. படம் உருவாக்கும் கருவி ஒரே ஆளை எட்டு முறை வரைவதில்லை. ஸ்பிரைட் ஷீட் போலத் தெரிகிற ஒரே ஒரு படத்தைத்தான் வரைகிறது. அதனால் கட்டம் சமமாக இருக்காது, எட்டு கேட்டால் ஏழோ ஒன்பதோ வரும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃப்ரேமில் ஒரே கால் முன்னால் நிற்கும். அசையாமல் பார்க்கும்போது நம் கண் இதையெல்லாம் மன்னித்துவிடும். நொடிக்குப் பத்து ஃப்ரேம் ஓடும்போது மன்னிக்காது. காது இரண்டு பிக்ஸல் தள்ளிப் போனாலும் நடுக்கமாகத் தெரியும்.

சென்னையில் மொபைல் விளையாட்டுகளுக்கு 2டி அனிமேஷன் செய்து வருகிறவன் நான். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கருவியிடம் ஆளை ஒரே ஒரு முறை கேளுங்கள், அசைவைக் கேட்காதீர்கள். கிடைத்த ஒரு படத்தைத் தலை, உடம்பு, கை, கால் என்று வெட்டி, நீங்களே திருப்பி வைத்து ஃப்ரேம்களை உண்டாக்குங்கள். தோல்பாவைக்கூத்தில் பாவையின் கையும் காலும் தனித்தனித் தோலாக இருந்து மூட்டில் கோக்கப்பட்டிருக்குமே, அதே வேலைதான். முகத்தை யாரும் இரண்டாவது முறை வரையாததால் முகம் மாற வழியே இல்லை. வரையத் தெரியாதவருக்கும் இது முடியும். வெட்டவும் திருப்பவும் தெரிந்தால் போதும்.

முதலில் எந்தப் பாணி என்று முடிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் பிக்ஸல் ஆர்ட்தான் சுலபம் என்று நினைக்கிறார்கள். கையால் வரைகிறவருக்கு அது ஓரளவு உண்மை. உருவாக்கிய படங்களுக்கு அது தலைகீழ். கருவி தருவது பிக்ஸல் போலத் தெரியும் சதுரங்கள்தான், உண்மையான பிக்ஸல் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு சதுரம் 15 பிக்ஸல், அடுத்தது 17, சில இடங்களில் பாதிச் சதுரம், ஓரமெல்லாம் மங்கல். இதை ஒழுங்கான கட்டத்துக்குக் கொண்டுவந்தாலும், வெட்டிய காலை 20 டிகிரி திருப்பினால் பிக்ஸல்கள் மறுபடி சாய்ந்துவிடும். ஆகவே உங்கள் விளையாட்டுக்குத் தட்டையான நிறமும் தடித்த கறுப்பு அவுட்லைனும் கொண்ட கார்ட்டூன் பாணியை எடுங்கள். நிழல், பளபளப்பு எதுவும் வேண்டாம். வெட்டிய இடத்தை நிரப்பவும், நிறங்களைக் குறைக்கவும் அதுதான் வசதி.

அடுத்து அளவுகள். படத்தைக் கேட்பதற்கு முன்பே இவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். திரை 1280×720 என்று வைத்துக்கொள்வோம். அதில் அண்ணன் 180 பிக்ஸல் உயரம் இருந்தால் கூடை, கடை, பைக் எல்லாம் தெளிவாகத் தெரியும். கால் விரிவதற்கும் கை வீசுவதற்கும் இடம் வேண்டும் என்பதால் ஒரு ஃப்ரேமின் கட்டம் 256×256. வேலை செய்வது இதைவிட ஐந்து மடங்கு பெரிய படத்தில், அதாவது 1280×1280 கேன்வாஸில். அதில் அண்ணன் 900 பிக்ஸல் உயரம், தரைக் கோடு மேலிருந்து 1200-ஆவது பிக்ஸலில். கடைசியில் ஐந்தில் ஒன்றாகச் சுருக்கினால் உயரம் 180, தரை 240. அவுட்லைன் கடைசியில் 3 பிக்ஸல் இருக்க வேண்டுமென்றால் பெரிய படத்தில் 15 இருக்க வேண்டும். மெல்லிய கோட்டுப் படத்தை எடுத்துக்கொண்டால் சுருக்கியதும் கோடு காணாமல் போகும், ஆள் பின்னணியில் கரைந்துவிடுவார்.

இப்போது அண்ணனின் உடை. பெரும்பாலான தொல்லை இங்கேதான் பிறக்கிறது. டீக்கடை என்றதும் மனதில் வருவது கட்டம் போட்ட கைலி. அசையும் உருவத்துக்கு அதைவிட மோசமான துணி கிடையாது. கட்டம் போட்ட துணியை வெட்டித் திருப்பினால் கட்டம் உடைவது தெரியும். கருவியிடமே மறுபடி வரையச் சொன்னால் ஒவ்வொரு முறையும் வேறு கட்டம் வரும். ஒரே நிறக் கைலி போடுங்கள், நீலம் நல்லது. கீழ் ஓரத்தில் வேண்டுமானால் ஒரு பட்டை. கைலி என்று எழுதினால் கருவி கணுக்கால்வரை தொங்கும் பாவாடையையோ அரைக்கால் சட்டையையோ வரைந்து வைக்கும். மடித்துக் கட்டிய கைலி வேண்டுமென்றால் பெயரை விட்டுவிட்டு வடிவத்தைச் சொல்வதே பலன் தரும்: இடுப்பில் சுற்றிய துணி, பாதியாக மேலே மடித்தது, முழங்காலில் முடிவது. முழங்காலுக்குக் கீழே கால் தெரிவது அனிமேஷனுக்கும் தேவை. கால் தெரியாவிட்டால் நடக்கிற மாதிரியே இருக்காது.

தோளில் துண்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கையின் மூட்டை மறைக்கும், கை வீசும்போது அதுவும் அசைய வேண்டும். முதல் விளையாட்டில் விட்டுவிடுங்கள், அல்லது தலையில் கட்டிவிடுங்கள். தலையோடு சேர்ந்து ஒரே துண்டாகப் போய்விடும். கம்பிக் கூடையை அண்ணனின் படத்தில் சேர்க்கவே கூடாது. கிளாஸ் எண்ணிக்கை எந்தக் கருவிக்கும் உறுதியாக வராது, ஆறு கேட்டால் ஐந்து வரும். அதைவிட முக்கியமான காரணம், கூடை உங்கள் விளையாட்டின் கணக்கு. கிளாஸ் ஒவ்வொன்றும் தனிப் படமாக இருந்தால், டீ கொட்டும்போது ஒன்றை மறைத்துவிடலாம். ஆகவே அண்ணனின் கை வெறும் முஷ்டியாக இருக்கட்டும்.

இன்னொன்று, "இந்தியன்" என்று மட்டும் எழுதினால் பல கருவிகள் தலைப்பாகையும் முறுக்கு மீசையும் வைத்து யாரோ ஒருவரைத் தரும். தெரிந்த நடிகர் பெயரைப் போட்டுச் சாயல் கேட்பதும் வேண்டாம், பின்னால் வெளியிடும்போது அது தலைவலி. நிறம், முடி, உடை, செருப்பு என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். ஏறத்தாழ இப்படி:

```
flat color cartoon, thick black outline, no shading, no gradient,
full body, strict side view facing right, dark brown skin,
short black hair, thin mustache, plain white half-sleeve shirt,
solid blue cloth wrapped at waist, folded up, ending at knees,
rubber slippers, legs slightly apart, arms away from body, empty fists,
solid #FF00FF background
```

ஆங்கிலத்தில் எழுதியதற்குக் காரணம், பெரும்பாலான கருவிகள் அதில்தான் நன்றாகக் கேட்கின்றன. பக்கவாட்டுத் தோற்றம் என்று சொல்லியும் முக்கால்வாசிப் பக்கமாகத் திரும்பிய முகம்தான் அடிக்கடி வரும். அது பரவாயில்லை. ஆனால் இடுப்பும் காலும் பக்கவாட்டில் இருந்தே ஆக வேண்டும். இருபது படம் வந்தால் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், மூட்டைப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் பின்னணி தெரிகிறதா? இரண்டு கால்களும் பிரிந்து நிற்கின்றனவா? செருப்பு முழுதாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதுதான் உங்கள் மூலப் படம். முகத்தில் சின்னக் குறை இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

பின்னணியை ஏன் அந்த ரோஜா ஊதா நிறத்தில் கேட்டோம் என்றால், அண்ணன் மேல் அந்த நிறம் எங்கும் இல்லை. டிரான்ஸ்பரண்ட் பின்னணி என்று கேட்டால் சில கருவிகள் சாம்பல் வெள்ளைக் கட்டங்களைப் படமாகவே வரைந்து தரும், அதைப் பிரித்தெடுப்பது நரகம். இப்போது பேலட்டைத் தயார் செய்யுங்கள். மூலப் படத்திலிருந்து தோல், சட்டை, கைலி, முடி, அவுட்லைன் என்று ஒரு பன்னிரண்டு நிறங்களைத் தொட்டு எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சின்னச் சதுரமாக `palette.png` என்ற படத்தில் வையுங்கள். #FF00FF-ஐயும் அதில் சேருங்கள். கருவி வரைந்த பின்னணி பார்க்க ஒரே நிறமாக இருந்தாலும் உள்ளே நூறு நிறம் இருக்கும். பேலட்டுக்கு மாற்றியதும் எல்லாம் ஒன்றாகிவிடும். படங்களைக் கட்டளையால் மாற்றும் இமேஜ்மேஜிக் இலவசம், கட்டளை இவ்வளவுதான்:

```
magick anna.png -statistic Median 5x5 -dither None -remap palette.png flat.png
magick flat.png -transparent "#FF00FF" -channel A -morphology Erode Disk:2 +channel cut.png
```

முதல் வரி பொட்டுப் பொட்டான அழுக்கை அகற்றி, எல்லா நிறத்தையும் உங்கள் பேலட்டில் உள்ள அருகிலுள்ள நிறத்துக்குத் தள்ளுகிறது. இரண்டாவது வரி பின்னணியை எடுத்துவிட்டு, ஓரத்தில் இரண்டு பிக்ஸலைச் சுரண்டுகிறது. சுரண்டாவிட்டால் கறுப்புக் கோட்டைச் சுற்றி ஊதா விளிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிர் பின்னணியில் அது தெரியாது. கடைக்குள் இருட்டான இடத்தில் அண்ணன் போகும்போதுதான் மினுங்கும். அதனால் சரிபார்க்கும்போது அடியில் ஒரு கரும்பச்சை லேயரையும் ஒரு வெள்ளை லேயரையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். கண்ணின் வெள்ளை, பல் போன்ற சின்னப் பகுதிகள் இந்த வடிகட்டலில் தேய்ந்துபோனால் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் நாலு புள்ளி வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம் வெட்டும் வேலை. கிரிட்டாவிலோ கிம்ப்பிலோ 1280×1280 கேன்வாஸில் படத்தை வைத்து, ஆள் 900 பிக்ஸல் உயரம் வரும்படி மாற்றிவிட்டு, தலை, உடம்பு, மேல்கை, முன்கை, தொடை, முழங்காலுக்குக் கீழே கால், கைலி என்று ஒவ்வொன்றையும் தனி லேயராக எடுங்கள். வெட்டும்போது மூட்டில் நேர்க்கோடாக வெட்டாதீர்கள். முழங்கால், முழங்கை, தோள் ஆகிய இடங்களில் இரண்டு துண்டுகளின் முனையும் வட்டமாக இருந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பியதும் மூட்டில் முக்கோணமாக ஓட்டை விழும். கையை எடுத்ததும் சட்டையில் பள்ளம் இருக்கும், அதைச் சட்டை நிறத்தால் நிரப்பிவிடுங்கள். தட்டையான நிறம் எடுத்ததன் பலன் இங்கே தெரியும். படத்தில் பின்னால் இருக்கும் கையும் காலும் பாதி மறைந்துதான் இருக்கும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, முன்பக்கக் கை காலையே நகலெடுத்துக் கொஞ்சம் கருமையாக்கிப் பின்னால் வையுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்கும் என்பது இதில் கூடுதல் லாபம்.

கைலி மட்டும் திருப்பினால் சரிவராது, அது விரிய வேண்டும். அதற்கு மூன்று வடிவம் போதும்: கால் சேர்ந்திருக்கும்போது குறுகலாக, நடுத்தரமாக, கால் விரிந்திருக்கும்போது அகலமாக. ஒரே நிறத் துணி என்பதால் கிரிட்டாவின் டிரான்ஸ்ஃபார்ம் கருவியில் கீழ் ஓரத்தை மட்டும் இழுத்தாலே இந்த மூன்றும் கிடைக்கும். கோடு தடிமன் மாறிப்போன இடத்தில் மேலே ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள்.

இனி நடை. டீ கொண்டுபோகிறவர் ஓட மாட்டார், கொட்டிவிடும். வேகமாக நடப்பார். உங்களுக்கு இது நல்லது, ஓட்டத்தில் இரண்டு காலும் காற்றில் இருக்கும் கட்டம் வரும், நடையில் வராது. நடைக்கு நான்கு நிலைகள். முதலாவதில் இரண்டு காலும் விரிந்து முன்கால் குதிகால் தரையைத் தொடுகிறது. இரண்டாவதில் பாதம் முழுதாகப் பதிந்து முழங்கால் மடங்குகிறது, உடம்பு இருப்பதிலேயே தாழ்ந்திருப்பது இங்கே. மூன்றாவதில் ஊன்றிய கால் நேராக நிற்க, மற்றக் கால் மடங்கி அதைக் கடக்கிறது. நான்காவதில் ஊன்றிய காலின் விரல் பக்கம் அழுந்தி உடம்பு உயர்கிறது, மற்றக் கால் முன்னால் நீள்கிறது. பிறகு அதே நான்கு நிலைகளில் முன்கால் பின்கால் லேயர்களை இடம் மாற்றினால் எட்டு ஃப்ரேம். நீங்கள் உண்மையில் யோசித்துச் செய்வது நான்குதான்.

கால் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாதீர்கள். கேன்வாஸில் 100 பிக்ஸலுக்கு ஒன்றாகச் செங்குத்து வழிகாட்டிக் கோடுகளைப் போடுங்கள். முதல் நிலையில் முன்கால் கட்டைவிரல் நுனிக்கும் பின்கால் கட்டைவிரல் நுனிக்கும் இடையே 400 பிக்ஸல். அடுத்தடுத்த ஒவ்வொரு ஃப்ரேமிலும் தரையில் ஊன்றிய காலின் விரல் நுனி சரியாக ஒரு கோடு பின்னால் போக வேண்டும், 1200-ஆவது பிக்ஸல் தரையை விட்டு மேலேயோ கீழேயோ போகக் கூடாது. உடம்பு இரண்டாம் நிலையில் 20 பிக்ஸல் கீழே, நான்காம் நிலையில் 20 மேலே. கூடை பிடித்த கை கிட்டத்தட்ட அசையாமல் இருக்கட்டும், மற்றக் கை தன் பக்கத்துக் காலுக்கு எதிராக வீசட்டும். முன்பக்கம் லேசாகச் சாய்ந்த உடம்பு அவசரத்தைக் காட்டும். ஒவ்வொரு நிலையையும் மூல லேயரின் புதிய நகலிலிருந்து திருப்புங்கள். திருப்பியதையே மறுபடி மறுபடி திருப்பினால் கோடு கலங்கிப்போகும்.

எட்டையும் `walk_01.png` முதல் `walk_08.png` வரை 1280×1280 முழுக் கேன்வாஸாகச் சேமியுங்கள். இங்கேதான் பலர் ஒரு காரியம் செய்கிறார்கள்: காலியிடம் வீண் என்று ஒவ்வொரு படத்தையும் ஓரம் வெட்டிவிடுகிறார்கள். கால் விரிந்த படம் அகலமாகவும் கால் சேர்ந்த படம் குறுகலாகவும் ஆகி, மையம் ஒவ்வொன்றிலும் இடம் மாறிவிடும். படம் ஒவ்வொன்றும் குற்றமில்லாமல் இருந்தும் ஆள் நடுங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். உங்கள் பழைய ஷீட்டிலும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். வெட்டாமல் அப்படியே சுருக்கிச் சேருங்கள்:

```
magick walk_*.png -resize 256x256 small_%02d.png
magick montage small_*.png -tile 8x1 -geometry 256x256+0+0 -background none walk.png
```

2048×256 அளவில் ஒரு ஷீட் கிடைக்கும். கோடோவில் `AnimatedSprite2D` சேர்த்து, ஸ்பிரைட் ஷீட்டிலிருந்து ஃப்ரேம் எடுக்கும் பொத்தானை அழுத்தி, கிடையாக 8, செங்குத்தாக 1 என்று கொடுங்கள். வேகம் முதலில் 5 என்று இருக்கும், அதை 10 ஆக்குங்கள்.

ஆள் நடுங்காமல் நடந்தாலும், கால் தரையில் வழுக்குகிற மாதிரி தெரியலாம். அது படத்தின் குறை இல்லை, வேகக் கணக்கு. பெரிய படத்தில் ஃப்ரேமுக்கு 100 பிக்ஸல் என்றால் சுருக்கிய பிறகு 20. நொடிக்குப் பத்து ஃப்ரேம், ஆக நொடிக்கு 200 பிக்ஸல். தெரு பின்னால் நகரும் வேகம் அதே 200 ஆக இருந்தால் செருப்பு தரையில் ஒட்டியிருக்கும். விளையாட்டு வேகமாக வேண்டுமென்றால் தெருவோடு சேர்த்து அனிமேஷனையும் வேகப்படுத்த வேண்டும். தனிப் படமாக வைத்த கூடையும் உடம்போடு ஏறி இறங்க வேண்டும், அந்த 20 பிக்ஸல் சுருக்கிய பிறகு 4. தெரு நகரும் வேகமான `speed`, கூடை வழக்கமாக இருக்கும் உயரமான `base_y` இரண்டும் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் மாறிகள் என்று எடுத்துக்கொள்கிறேன்:

```
var bob = [0, 4, 0, -4, 0, 4, 0, -4]

func _process(_delta):
    $Anna.speed_scale = speed / 200.0
    $Koodai.position.y = base_y + bob[$Anna.frame]
```

அண்ணன் தயார். இனி பைக், அட்டைப்பெட்டி, தெருநாய், டீ கிளாஸ். இவை அண்ணனோடு ஒட்டாமல் வேறு விளையாட்டிலிருந்து வந்த மாதிரி தெரிவது ஏன் என்று பலர் கேட்பார்கள். நிறம்தான் காரணம் என்று நினைப்பார்கள். பேலட் ஒன்றாக இருந்தால் நிறம் தானாக ஒத்துப்போகும். உண்மையில் கண்ணை உறுத்துவது கோட்டின் தடிமன். கருவி எதைக் கேட்டாலும் படம் முழுக்க நிறையும்படிதான் வரையும். பைக்கும் 900 பிக்ஸல், டீ கிளாஸும் 900 பிக்ஸல், இரண்டிலும் கோடு 15. பைக்கை 300-க்குச் சுருக்கினால் கோடு 5. கிளாஸை 30-க்குச் சுருக்கினால் கோடு அரைப் பிக்ஸல், அதாவது இல்லை. அண்ணனுக்கோ 3. மூன்றும் ஒரே திரையில் நின்றால் ஒட்டுமா?

இதற்கு வழி, சின்னப் பொருள்களைத் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே படத்தில் அவற்றின் நிஜ அளவு விகிதத்தில் கேட்பது. அண்ணனின் மூலப் படத்தை ரெஃபரன்ஸாகக் கொடுத்து, அவர் பக்கத்தில் ஒரு கம்பிக் கூடை, ஓர் அட்டைப்பெட்டி, உட்கார்ந்த நாய் என்று வரையச் சொல்லுங்கள். கோடு ஒரே தடிமனில் வர அதில்தான் வாய்ப்பு அதிகம். வந்ததும் அண்ணனை அழித்துவிட்டு மற்றதை எடுத்து, அதே இரண்டு கட்டளைகளில் ஓட்டி, அதே ஐந்தில் ஒன்றாகச் சுருக்குங்கள். கிளாஸ் அந்த அளவில் சில செவ்வகங்கள்தான், அதை நீங்களே கிரிட்டாவில் வரைந்துவிடலாம். பைக் போன்ற பெரியதைத் தனியாக எடுத்தால், ஐந்தில் ஒன்றாகச் சுருக்கும்போது சரியான அளவு வரும்படி பெரிய படமாக எடுங்கள்.

பின்னணித் தெருவுக்கு அவ்வளவு கவனம் வேண்டாம். அவுட்லைன் இல்லாமல், வெளிறிய நிறத்தில் இருந்தால் அண்ணன் முன்னால் எடுப்பாகத் தெரிவார். ஒன்று மட்டும்: ரிச்சி ஸ்ட்ரீட் என்றால் கடைப் பலகைகள் இல்லாமல் முடியாது. கருவிகள் வரையும் தமிழ் எழுத்து பெரும்பாலும் கோணல் மாணலாக, படிக்க முடியாததாக வரும். பலகைகளை வெறுமையாகக் கேட்டு வாங்கி, எழுத்தை கோடோவிலேயே தமிழ் ஃபாண்ட் வைத்த `Label` மூலம் போடுங்கள். கோடோ 4 கொம்பு, கால் எல்லாவற்றையும் சரியாகச் சேர்த்துக் காட்டும். நிஜக் கம்பெனிகளின் லோகோ தவறிக்கூட வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெஃபரன்ஸ் படம் கொடுத்து அதே ஆளை வேறு நிலையில் வரையச் சொல்லும் கருவிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, வேகமாக மேம்பட்டும் வருகின்றன. முகமும் உடையும் ஓரளவு நிற்கும். அளவு, விரல், கோட்டுத் தடிமன் நழுவும். அதனால் நடைக்கு அவற்றை நான் நம்ப மாட்டேன். ஆனால் அண்ணன் வழுக்கி விழுந்து, டீ கொட்டி, தலையில் கை வைத்து உட்காரும் படத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்துவேன். அது ஒற்றை ஃப்ரேம், பக்கத்து ஃப்ரேமோடு ஒப்பிட ஒன்றும் இல்லை, ஆட்டம் முடிந்த அதிர்ச்சியில் யாரும் கணுக்காலை அளக்கப் போவதில்லை. அப்படிக் கேட்கும்போது எப்போதும் மூலப் படத்தையே கொடுங்கள். வந்த படத்தைக் கொடுத்து அடுத்ததைக் கேட்டால், நகலின் நகல் எடுத்தது போல் ஒவ்வொரு சுற்றிலும் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாவார். குதிப்பதற்கு இது தேவையில்லை, வெட்டிய துண்டுகளை வைத்து ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று இரண்டு ஃப்ரேம் போதும்.

இந்த வெட்டு முறைக்கு எல்லை உண்டு. பக்கவாட்டில் நடக்கும் விளையாட்டுக்கு இது பொருந்தும். மேலிருந்து பார்க்கும், நாலு திசையிலும் திரும்பும் விளையாட்டென்றால் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று மூலப் படம் வேண்டும். அந்த மூன்றையும் ஒரே ஆளாகக் காட்டுவது வேறு பெரிய வேலை. உடம்பைத் திருப்பிக் கூத்தாடும் அசைவுகளும் இதில் வராது. தெருநாயை நடக்கவைக்க நினைத்தால் இப்போதைக்கு வேண்டாம். நாலு கால் நடையின் ஒழுங்கு வேறு. உட்கார்ந்து வாலை ஆட்டட்டும், வால் ஒரே ஒரு துண்டு.

வெளியிடும்போது தெரிந்திருக்க வேண்டியது: ஸ்டீமில் போட்டால், விளையாட்டில் ஏஐ உருவாக்கிய படங்கள் இருப்பதைப் படிவத்தில் சொல்ல வேண்டும், அது கடைப் பக்கத்திலும் தெரியும். உரிமை விஷயம் இன்னும் தெளிவாகவில்லை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பிராம்ப்ட் எழுதியது மட்டும் போதாது, மனிதரின் படைப்பு வேலை வேண்டும் என்கிறது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. அது இந்த வகைப் படங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதில் வழக்கறிஞர்களே வேறுபடுகிறார்கள். கல்லூரி நண்பர்களுக்காகச் செய்யும் விளையாட்டுக்கு இது கவலையில்லை. காசுக்கு விற்பதென்றால், பயன்படுத்தும் கருவியின் நிபந்தனையில் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மூலப் படம், வெட்டிய லேயர் கோப்பு இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

கால் விரிந்த முதல் நிலையைச் செய்து முடித்ததும் அந்த ஒரு படத்தை இங்கே போடுங்கள். மூட்டும் அந்த 400 பிக்ஸலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன், மற்ற மூன்றை அதற்குப் பிறகு தொடங்கலாம்.